வருமான வரி ரசீதுகள்: மெயில் லேபிளா, டிரைவ் ஃபோல்டரா, வாட்ஸ்அப்பா?

ஜனவரி பிறந்தால் சம்பளக்காரர்களுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வரும். முதலீட்டுச் சான்றுகளை இன்ன தேதிக்குள் ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் வரி கூடப் பிடிப்போம் என்று. அதற்குப் பிறகுதான் தேடல். பிரீமியம் ரசீது மெயிலில், பள்ளிக் கட்டண பில் வாட்ஸ்அப்பில், அப்பாவின் மருந்து பில் பீரோவுக்குள் எங்கேயோ. அடுத்த வருடமாவது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் அடுத்து மாட்டிக்கொள்ளும் கேள்வி, அந்த ஒரே இடம் எது என்பது. மூன்று வழிகளைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள்: ஜிமெயிலிலேயே லேபிள் போட்டு வைப்பது, கூகுள் டிரைவில் ஃபோல்டர் வைப்பது, வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது. இந்தியாவில் வரி கட்டுபவரை மனதில் வைத்து மூன்றையும் இங்கே எடைபோடுகிறேன்.

## உங்களுக்கு ரசீது சேர்க்கும் வேலை இருக்கிறதா?

சிலருக்கு இந்த வேலையே தேவையில்லை. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு வாடகை, ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் கல்விக் கட்டணம், நன்கொடை எதற்கும் கழிவு கிடையாது. 2025-26 நிதியாண்டில் சம்பள வருமானம் மட்டும் உள்ளவருக்கு 12.75 லட்சம் வரை புதிய முறையில் வரியே இல்லை. அவர் வரிக்காக மருந்து பில்லைப் பத்திரப்படுத்துவது வீண் வேலை.

சம்பளம் அதற்கு மேல் போனாலும் பழைய முறை எளிதில் ஜெயிப்பதில்லை. 16 லட்சம் சம்பளத்துக்கு 2025-26 விகிதத்தில் கணக்குப் போட்டால், நிலையான கழிவு போக இன்னும் சுமார் 5,69,000 ரூபாய்க்குக் கழிவு காட்டினால்தான் இரண்டு முறையும் சமமாகும். அதைத் தாண்டினால்தான் பழைய முறையில் லாபம். வீட்டுக்கடன், வாடகை இரண்டும் உள்ளவர்கள், வயதான பெற்றோரின் செலவைப் பார்ப்பவர்கள்தான் அந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள்.

தாண்டுவோமா என்று ஏப்ரலில் உறுதியாகச் சொல்ல முடியாதவர்களும் ரசீதைச் சேர்த்து வைப்பது நல்லது. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், அலுவலகத்தில் எந்த முறையைச் சொல்லியிருந்தாலும், கணக்குத் தாக்கல் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம். கடைசித் தேதிக்குள், அதாவது வழக்கமாக ஜூலை 31க்குள், தாக்கல் செய்ய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தேதி தாண்டினால் பழைய முறை கைவிட்டுப் போகும். ஜனவரியில் அலுவலகத்துக்குக் காட்டத் தவறிய வாடகையையும் பிரீமியத்தையும் ஜூலையில் நேரடியாகவே கேட்கலாம்.

ஃப்ரீலான்சர்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்டர், வக்கீல், இன்ஜினியர், கட்டட வடிவமைப்பாளர் போன்ற தொழில்களில் வருமானத்தில் பாதியை லாபமாகக் காட்டும் உத்தேச முறையை எடுத்தால், செலவு ரசீது ஒவ்வொன்றுக்கும் வரிக் கணக்கில் வேலை இல்லை. மீதிப் பாதி செலவு என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. உண்மையான செலவைக் கழிப்பவருக்குத்தான் பில் உயிர்நாடி.

## எதை வைத்து ஒப்பிடுவது?

இடம் எவ்வளவு பெரியது, எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். நான் முதலில் பார்ப்பது, மறுபடி வாங்க முடியாத காகிதம் அந்த இடத்துக்குத் தானாகவோ எளிதாகவோ வந்து சேருமா என்பதை.

ரசீதுகளில் இரண்டு சாதி உண்டு. எப்போது கேட்டாலும் கிடைப்பது ஒன்று. வீட்டுக்கடன் வட்டிச் சான்றிதழை வங்கித் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் வருடம் முழுவதும் கட்டிய பிரீமியத்துக்கான சான்றிதழை நிறுவனத்தின் தளமே கொடுக்கும். வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் சம்பளச் சீட்டில் இருக்கிறது. இவற்றைத் தொலைத்தால் அரை மணி நேரம் போகும், பணம் போகாது. மருந்துக்கடை பில், கிளினிக் ரசீது, பரிசோதனைக் கூடத்தின் பில், வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட வாடகை ரசீது எல்லாம் இன்னொரு சாதி. எட்டு மாதம் கழித்துக் கடைக்காரரிடம் போய்க் கேட்டால் சிரிப்பார். அதிலும் கடை பில் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாகிறது. வெயில் பட்டாலும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலும் எழுத்து மங்கி ஜூலைக்குள் வெள்ளைத்தாளாகிவிடும்.

அடுத்து, ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை உள்ளதைச் சுத்தமாகப் பிரித்து எடுக்க முடியுமா, நாலைந்து வருடம் கழித்தும் கோப்பு திறக்குமா, வீட்டில் இன்னொருவரால் அதில் போடவும் எடுக்கவும் முடியுமா என்பவை. இந்த நான்கும் போதும்.

## பணக் கணக்கில் இதன் அர்த்தம்

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வேலைக்குப் போகும் பெண், சம்பளம் 16 லட்சம். பொள்ளாச்சியில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் அப்பா இருக்கிறார், வயது 67, மருத்துவக் காப்பீடு கிடையாது. பழைய முறையில் அந்தப் பெண் காட்டக்கூடியவை: வீட்டுக்கடன் வட்டி 2,00,000, வாடகைப் படிக்கான கழிவு 2,20,000, வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு சேர்த்து 1,50,000, தன்னுடைய மருத்துவக் காப்பீடு 22,000.

அப்பாவுக்காகவும் ஒரு கழிவு உண்டு. 60 வயதைத் தாண்டி, காப்பீடு இல்லாத பெற்றோருக்குச் செய்யும் மருத்துவச் செலவில் வருடத்துக்கு 50,000 வரை கழிக்கலாம். மருந்து மாதம் 2,400, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை 1,500, மருத்துவர் கட்டணம் மாதம் 500. கூட்டினால் 40,800. ஆனால் மருத்துவருக்கு ரொக்கமாகக் கொடுக்கிறார்கள். ரொக்கம் இந்தக் கழிவுக்கு ஆகாது. எனவே 34,800தான் நிற்கும்.

மொத்தக் கழிவு 6,26,800. செஸ் சேர்த்துப் பழைய முறையில் வரி சுமார் 1,01,000. புதிய முறையில் 1,13,100. பழைய முறையால் மிச்சம் சுமார் 12,000 ரூபாய். இப்போது அப்பாவின் மருந்து பில்லும் பரிசோதனை பில்லும் தொலைந்துவிட்டன என்று வையுங்கள். மிச்சம் சுமார் 4,800 ஆகச் சுருங்கிவிடும். கழிவில் பதினெட்டில் ஒரு பங்குதான் அந்த பில்கள், ஆனால் லாபத்தில் பாதிக்கு மேல் அவற்றில் இருக்கிறது. லட்சக்கணக்கில் உள்ள மற்ற கழிவுகளின் காகிதம் வங்கியிலும் நிறுவனத்திலும் பத்திரமாகவே இருக்கிறது. ஃபோல்டர் வைப்பது இந்தச் சின்ன பில்களுக்காகத்தான். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இவற்றையே மனதில் வைக்க வேண்டும்.

## வழி 1: ஜிமெயிலில் லேபிள்

உழைப்பு மிகக் குறைவு என்பதுதான் இதன் பெரிய பலம். ஒருமுறை வடிகட்டி போட்டுவிட்டால் மெயிலில் வரும் ரசீது தானாக லேபிளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வடிகட்டியைக் கணினியில்தான் போட முடியும், போன் செயலியில் அந்த வசதி இல்லை. தேடல் பெட்டியின் வலது ஓரத்துச் சின்னத்தை அழுத்தி, காப்பீட்டு நிறுவனம், பள்ளி, பரிசோதனைக் கூடம் ஆகியவற்றின் மெயில் முகவரிகளைக் கொடுத்து, Create filter போய், Apply the label என்பதில் ஒரு லேபிளைத் தேர்ந்தெடுங்கள். பழைய மெயில்களுக்கும் பொருத்தும் கட்டத்தில் டிக் போட மறக்க வேண்டாம்.

இன்னொரு வசதியும் உண்டு. உங்கள் முகவரியில் @ குறிக்கு முன்னால் +bill என்று சேர்த்து, கடையிலும் மருத்துவமனையிலும் அதைக் கொடுக்கலாம். மெயில் உங்களுக்கே வரும். அந்த முகவரிக்கு வந்ததை எல்லாம் லேபிளுக்கு அனுப்ப ஒரே வடிகட்டி போதும். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்காது, அங்கே சாதாரண முகவரிதான்.

லேபிளை வருடவாரியாகப் பிரிக்காதீர்கள். வடிகட்டிக்கு நிதியாண்டு தெரியாது. ஒவ்வொரு ஏப்ரலும் அதை மாற்ற நீங்கள்தான் நினைவு வைத்திருக்க வேண்டும். ஒரே லேபிள் போட்டுவிட்டு, ஜூலையில் இப்படித் தேடினால் போதும்:

```
label:raseedhu after:2025/04/01 before:2026/04/01
```

இங்கேதான் முதல் மறைமுகச் செலவு. இந்தத் தேடல் மெயில் வந்த தேதியைப் பார்க்கிறது, பணம் கட்டிய தேதியை அல்ல. மார்ச் 31 அன்று கட்டிய பிரீமியத்துக்கு ரசீது ஏப்ரல் 2 வந்தால் அது அடுத்த வருடக் கணக்கில் போய் உட்காரும். நன்கொடைக்கு இது இன்னும் மோசம். வரிக்கழிவுக்கான 10பிஇ சான்றிதழை அறக்கட்டளைகள் நிதியாண்டு முடிந்து மே மாத வாக்கில்தான் கொடுக்கின்றன. ஆகவே தேடலின் முடிவுத் தேதியை ஜூன் 30 வரை நீட்டி, கூடுதலாக வந்ததைக் கண்ணால் பார்த்து ஒதுக்குவதே நல்லது.

இரண்டாவது செலவு, மெயிலில் ரசீதே இல்லாமல் இருப்பது. "உங்கள் ரசீதைப் பெற இங்கே அழுத்தவும்" என்று இணைப்பு மட்டும் வரும். லேபிளுக்குள் மெயில் பத்திரமாக இருக்கும். ஒரு வருடம் கழித்து அழுத்தினால் பக்கம் காலாவதி, அல்லது மறந்துபோன கடவுச்சொல் கேட்கும். அந்த மெயில் வந்த அன்றே கோப்பை இறக்கி, தனக்குத்தானே மெயிலில் அனுப்பிக்கொள்ள வேண்டும். தானாக நடக்கிறது என்ற பெருமை அந்த இடத்தில் உடைகிறது.

மூன்றாவது, கொள்ளளவு. ஜிமெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. போட்டோவால் அது நிரம்பினால் புது மெயில் வருவது நின்றுவிடும்; ரசீதும் வராது.

அலுவலக மெயிலில் லேபிள் போட்டு வைப்பதை நான் அடியோடு வேண்டாம் என்பேன். ராஜினாமா செய்த அன்று மாலையே கணக்கு மூடப்படும். வரித்துறையின் கேள்வி அதற்கு ஒன்றரை வருடம் கழித்து வரலாம்.

இத்தனைக்கும் மேலே, மேற்படி குடும்பத்தின் மருந்து பில் இங்கே தானாக வரப் போவதே இல்லை. பொள்ளாச்சி மருந்துக்கடை மெயில் அனுப்புவதில்லை.

இது பொருந்துவது: செலவெல்லாம் இணையவழி, காப்பீடும் கல்விக் கட்டணமும் மெயிலில் ரசீது தருகின்றன, பெற்றோருக்குக் காப்பீடு இருக்கிறது, கணக்குப் பார்ப்பவர் ஒருவரே என்ற நிலையில். அப்படிப்பட்டவர் டிரைவ் பக்கம் போகவே வேண்டாம்.

## வழி 2: டிரைவில் நிதியாண்டு ஃபோல்டர்

இங்கே எதுவும் தானாக வராது. போட்டால்தான் உண்டு. ஆனால் எந்த வழியில் வந்த ரசீதும் உள்ளே போகும்: மெயில் இணைப்பு, வாட்ஸ்அப் கோப்பு, கையில் கொடுத்த காகிதம், எதுவாக இருந்தாலும்.

காகிதத்துக்கு, டிரைவ் செயலியில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் ஸ்கேன் செய்யும் வசதி வரும். ஓரங்களை அதுவே வெட்டி, பிடிஎஃப் ஆக்கி, நீங்கள் சொல்லும் ஃபோல்டரில் சேர்த்துவிடும். கேமராவில் படம் எடுத்து கேலரியில் விடுவதைவிட இது மேல். கேலரியில் விட்டால் கல்யாண போட்டோக்களுக்கு நடுவே பில் தொலையும். கடையை விட்டு வெளியே வரும் முன்பே எடுத்துவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எடுக்கலாம் என்று பையில் போட்ட பில்தான் சலவைக்குப் போகிறது.

பெயர் வைப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முதலில் வைத்தால் கோப்புகள் தாமே காலவரிசையில் நிற்கும்:

```
2025-06-12_marundhu_appa_2400_upi.pdf
2025-07-05_vaadagai_july_25000_bank.pdf
2025-09-18_premium_self_22000_card.pdf
```

கடைசிச் சொல்லைத் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். பணம் எப்படிப் போனது என்பது பெயரிலேயே இருந்தால், ரொக்கத்தில் கொடுத்ததை ஜூலையில் ஒரே பார்வையில் ஒதுக்கிவிடலாம். கோப்பின் பெயரிலும் ஃபோல்டரின் பெயரிலும் 80சி, 80டி என்று சட்டப் பிரிவு எண்களைப் போடுவதையும் தவிருங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. "பிரீமியம்", "வாடகை" என்ற பெயர்கள் எந்தச் சட்டத்திலும் அதே பெயர்கள்தான்.

உள் ஃபோல்டர்கள் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். வருடத்துக்கு அறுபது, எழுபது கோப்புக்கு ஒரே ஃபோல்டர் தாராளம். பிரிக்கப் பிரிக்க, இதை எங்கே போடுவது என்று யோசித்து நின்றுவிடுவோம். பிடிஎஃப்புக்குள் இருக்கும் எழுத்தையும் டிரைவ் தேடித் தரும் என்பதால் கடைப் பெயரைத் தட்டினாலே பெரும்பாலும் அகப்படும்.

மறைமுகச் செலவுகளுக்கு வருவோம். வாரம் ஒருமுறை உட்கார்ந்து மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்ததை இழுத்துப் போட வேண்டும். மூன்று மாதம் விட்டால் இந்த முறை செத்துவிடும். மற்ற இரண்டு வழிகளையும்விட இதில் ஒழுக்கம் அதிகம் தேவை.

பூட்டிய பிடிஎஃப் இன்னொரு தொல்லை. பல நிறுவனங்கள் பான் எண், பிறந்த தேதி ஆகியவற்றைச் சேர்த்த கடவுச்சொல்லோடு கோப்பை அனுப்புகின்றன. எந்த நிறுவனம் எந்தச் சேர்க்கை என்று ஐந்து வருடம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்? கோப்பு வந்த அன்றே கணினியில் குரோமில் கடவுச்சொல் போட்டுத் திறந்து, அச்சிடும் பகுதியில் Save as PDF கொடுத்து, பூட்டில்லாத பிரதியை ஃபோல்டரில் போடுங்கள். அப்படிப் பூட்டைக் கழற்றிய பிறகு ஃபோல்டருக்குள் பான் எண்ணும் வங்கி விவரமும் திறந்தே கிடக்கும் என்பதால், கூகுள் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். ஆடிட்டருக்குக் காட்டும்போது அவருடைய மெயில் முகவரிக்கு மட்டும், பார்க்கும் உரிமை மட்டும். "இணைப்பு உள்ள எவரும்" என்ற தேர்வு வேண்டவே வேண்டாம்.

ஃபோல்டரைக் கணவன் மனைவி இருவரும் பகிர்ந்துகொண்டால், ஊரில் இருக்கும் தம்பிகூட அப்பாவின் பில்லை அதில் போடலாம். ஆனால் கோப்பு யார் போட்டாரோ அவர் கணக்கிலேயே இருக்கும். அவர் கணக்கை அழித்தால் கோப்பும் போய்விடும். மார்ச் கடைசியில் ஒருவர் மொத்த ஃபோல்டரையும் கணினியில் இறக்கி ஒரு பென்டிரைவில் வைப்பது இதற்குக் காப்பு.

கோப்பை நகலெடுத்து வைக்க வேண்டிய ஓர் இடமும் உண்டு. மூன்று வருடத்துக்குச் சேர்த்து மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் கட்டினால், கழிவு மூன்று வருடத்துக்கும் பங்கு போட்டுத்தான் கிடைக்கும். ஆனால் ரசீது முதல் வருட ஃபோல்டரில் மட்டும் தூங்கும். கட்டிய அன்றே அடுத்த இரண்டு வருட ஃபோல்டர்களையும் தொடங்கி, அதே ரசீதை அவற்றிலும் போட்டுவிடுங்கள். மெயில் தேதியை வைத்துத் தேடும் ஒற்றை லேபிளில் இது எளிதல்ல.

இது பொருந்துவது: கையால் கொடுத்த காகிதம் கலந்து வரும் எந்தக் குடும்பத்துக்கும், பெற்றோர் செலவைப் பார்ப்பவருக்கும், உண்மைச் செலவைக் கழிக்கும் தொழில்காரருக்கும்.

## வழி 3: வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே

மூன்றிலும் கை தானாகப் போவது இதற்குத்தான். பரிசோதனைக் கூடமும் மருந்துக்கடையும் வாட்ஸ்அப்பிலேயே பில் அனுப்புகின்றன. அதைத் தன் எண்ணுக்கோ வீட்டார் இருவர் மட்டும் உள்ள குழுவுக்கோ தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. கணினி பழக்கமில்லாத அப்பாவும்கூட இதைச் செய்வார். அந்த விதத்தில் மறுபடி கிடைக்காத பில்லைப் பிடிப்பதில் இதுதான் முதலிடம்.

வைத்திருப்பதில் கடைசி இடம். படமாக அனுப்பினால் சுருக்கி அனுப்பும், சின்ன எழுத்தில் உள்ள பில் எண் குழம்பும். ஆவணமாக அனுப்ப வேண்டும். கோப்புப் பெயர் IMG-20250612-WA0003.jpg என்ற ரகத்தில் இருக்கும். தேதி தெரியும், விஷயம் தெரியாது. போனில் இடமில்லை என்று சுத்தம் செய்யும் செயலி ஒன்றை ஓட்டினால் முதலில் போவது வாட்ஸ்அப் கோப்புகள்தான். போனில் அழிந்ததை நாள் கடந்து மறுபடி இறக்கவும் முடியாது. மறையும் செய்திகள் வசதியை யாராவது போட்டு வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆண்ட்ராய்டில் காப்புப் பிரதியும் அதே 15 ஜிபிக்குள்தான் வருகிறது.

ஆகவே இது வாசல்தான், அறை அல்ல. பிடிப்பதற்கு வாட்ஸ்அப்பை வைத்துக்கொண்டு, வாரக் கடைசியில் டிரைவுக்கு மாற்றுவது நடைமுறையில் ஓடும் சேர்க்கை.

இது மட்டுமே போதும் என்பது: அலுவலகத்தில் மாதா மாதம் செலவுக் கணக்குக் கொடுப்பவருக்கு. பில்லின் ஆயுளே முப்பது நாள் என்றால் வாட்ஸ்அப் தாங்கும்.

## பக்கத்தில் பக்கமாக

| | மெயில் லேபிள் | டிரைவ் ஃபோல்டர் | வாட்ஸ்அப் |
|---|---|---|---|
| காகித பில் சேருமா | இல்லை | ஸ்கேன் செய்தால் சேரும் | எளிதாகச் சேரும் |
| நிதியாண்டுப் பிரிவு | மெயில் தேதியால் தடுமாறும் | துல்லியம் | கைமுறைத் தேடல் |
| ஐந்து வருடம் கழித்து | இணைப்பு மட்டும் உள்ளவை போய்விடும் | பூட்டைக் கழற்றியிருந்தால் திறக்கும் | நம்ப முடியாது |
| வீட்டார் பங்கேற்பு | கடினம் | பகிரலாம் | மிக எளிது |
| உங்கள் உழைப்பு | தொடக்கத்தில் ஒருமுறை | வாரந்தோறும் | ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு நொடி |

## எந்த வழியானாலும் உள்ளே இருக்க வேண்டியது

யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டை ரசீது என்று நினைத்துச் சேர்ப்பவர்கள் நிறைய. அது பணம் போனதைச் சொல்லும், எதற்குப் போனது என்று சொல்லாது. கடை பில் எதற்கு என்று சொல்லும், யார் கொடுத்தார் என்று சொல்லாது. மருத்துவச் செலவுக்கு இரண்டும் வேண்டும், இரண்டையும் ஒரே பிடிஎஃப்பில் இரு பக்கமாக ஸ்கேன் செய்துவிடலாம். கழிவு கேட்பவரின் கணக்கிலிருந்தே பணம் போயிருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். அப்பா தன் போனிலிருந்து யுபிஐ செய்துவிட்டு, மகள் பிறகு அவருக்கு ரொக்கமாகக் கொடுத்தால் மகளின் கழிவுக்குச் சான்று இல்லை.

வாடகை வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண் தேவைப்படும். அதை ஜனவரியில் கேட்டால்தான் சண்டை. வீடு பிடிக்கும்போதே, ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுவது உத்தமம். பள்ளி பில்லில் கல்விக் கட்டணம் தனியாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பஸ் கட்டணம், நன்கொடை எல்லாம் கலந்த ஒற்றைத் தொகையாக இருந்தால், கழிவுக்குரிய பகுதி எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. கட்டும்போதே பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

இவற்றை எல்லாம் வரிக் கணக்கோடு இணைத்து அனுப்ப வேண்டுமா என்றால், இல்லை. கணக்குத் தாக்கலில் எந்தக் காகிதமும் இணைப்பதில்லை. ஆனால் 2025 முதல் படிவமே காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண் போன்றவற்றைக் கேட்கிறது. ஃபோல்டர் பக்கத்தில் இல்லாமல் படிவத்தை நிரப்பவே முடியாது.

## அலுவலகச் செலவுக் கணக்கு மட்டும் என்றால்

இது வேறு விளையாட்டு. இங்கே ரசீது கடைசியில் போய்ச் சேருவது நிறுவனத்தின் தளத்துக்கு, அவர்கள் சொல்லும் வடிவத்தில். உங்கள் ஃபோல்டர் நகல் மட்டுமே. ஓட்டல் முன்பதிவு உறுதியை பில் என்று ஏற்றித் திருப்பி அனுப்பப்படுபவர்கள் அதிகம். அறையைக் காலி செய்யும்போது தரும் வரி விலைப்பட்டியல்தான் பில். நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் அதில் வர வேண்டும் என்றால், அறை எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பில் போட்ட பிறகு மாற்றச் சொன்னால் பெரும்பாலும் நடக்காது.

வரி ரசீதையும் இதையும் ஒரே ஃபோல்டரில் கலக்காதீர்கள். நிறுவனம் திருப்பிக் கொடுத்துவிட்ட பெட்ரோல் பில், வரிக் கழிவுக் கூட்டலுக்குள் தவறி நுழைந்துவிடும்.

## எப்போது அழிக்கலாம்?

2025-26 வருமானத்துக்கான மதிப்பீட்டு ஆண்டு 2027 மார்ச் 31இல் முடிகிறது. அதிலிருந்து மூன்று வருடம் மூன்று மாதம் வரை, அதாவது 2030 ஜூன் வரை, சாதாரணமாக மறுமதிப்பீட்டு நோட்டீஸ் வரலாம். தப்பிய வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்று துறை கருதினால் இது 2032 ஜூன் வரை நீளும். சம்பளக்காரருக்கு முதல் தேதி போதும். தொழில் கணக்கு வைத்திருப்பவர் இரண்டாவது தேதியையும் தாண்டி, ஆறு வருடக் கணக்குப் புத்தக விதியின்படி 2033 மார்ச் வரை வைத்திருப்பது நல்லது.

வீட்டு பில்கள் மட்டும் இந்தக் கணக்கில் வராது. பத்திரச் செலவு, பின்னால் எடுத்துக் கட்டிய அறை, மாடி போட்டதற்கான பில் எல்லாம் அந்த வீட்டை விற்கும் வருடத்தில் லாபத்தைக் குறைக்க உதவும், அது இருபது வருடம் கழித்தும் இருக்கலாம். அவற்றுக்கு வருடம் போடாத தனி ஃபோல்டர் ஒன்று, வீட்டின் பெயரில்.